சிறுகதை: ‘செல்லில் வந்த பணம்’ (ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிப் பின்னணி): படித்துவிட்டுக் கருத்து சொல்லுங்கள்

வெள்ளாமை

நண்பர்களுக்கு வணக்கம். கீழே இருப்பது என் மூன்றாவது சிறுகதை. ஒரு விவசாயிக்கு வரும் முதல் டிஜிட்டல் பணத்தைப் பற்றியது. மண்டிக்குள் நான் சிறுவயதில் சித்தப்பாவுடன் போனதுண்டு. பெரியவனான பிறகு போனதில்லை. ஆகவே தொழில் சார்ந்த பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். முடிவு சரியாக அமைந்திருக்கிறதா என்பதுதான் என் முக்கியமான கேள்வி.

---

கள்ளிமந்தயம் பக்கத்திலிருந்து வந்த வேனில் கந்தசாமியின் தக்காளி முப்பத்திரண்டு பெட்டி இருந்தது. ஏலம் பெட்டி 210 ரூபாய்க்கு முடிந்தது. கேரளத்துக்குப் போகும் லாரியில் பெட்டிகள் ஏறுவதை அவர் கடைசிப் பெட்டி வரை நின்று பார்த்தார்.

கணக்கு மேசையில் முதலாளியின் மகன் உட்கார்ந்திருந்தான். கார்பன் தாள் வைத்து எழுதிய சீட்டை நீட்டினான். 6,720 ரூபாய் விற்பனை. கமிஷன் நூற்றுக்குப் பத்து, 672. இறக்குக் கூலி பெட்டிக்கு ஐந்து, 160. வேன் வாடகை 800. உரத்துக்கு வாங்கிய முன்பணத்தில் 1,000. மீதி 4,088.

கந்தசாமி வேட்டியை விலக்கி, உள்ளே அணிந்திருந்த பட்டாபட்டிக் கால்சட்டையின் பையைத் திறந்து வைத்துக்கொண்டார். இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம் அது.

“அண்ணே, இன்றைக்கு ரொக்கம் இல்லை” என்றான் பையன். “கேரளத்து வியாபாரிகள் எல்லோரும் கணக்கில்தான் போடுகிறார்கள். நாங்கள் வங்கியில் போய் எடுத்து வந்தால் பாதி நாள் போய்விடுகிறது. உங்கள் செல் எண்ணைச் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்.”

கந்தசாமியிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய செல். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் சரவணனின் எண்ணைச் சொன்னார். பையன் எண்ணை அழுத்திவிட்டுத் திரையைக் காட்டினான். ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது.

“என்ன தம்பி போட்டிருக்கிறது?”

“கந்தசாமி என்று உங்கள் பெயர்தான் வருகிறது, அண்ணே.”

பையனின் விரல் திரையில் நான்கு முறை பட்டது. பச்சை நிறத்தில் ஒரு வட்டம் வந்தது. கந்தசாமிக்கு அது வெற்றிலையின் நிறமாகத் தோன்றியது. கை தானாகக் கால்சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.

இரண்டு நிமிடத்தில் சரவணன் அழைத்தான். “அப்பா, 4,088 ரூபாய் வந்துவிட்டது. மண்டியிலிருந்தா?”

“ஆமாம்பா, ஆமாம்” என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் முருங்கைக் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

கையிலிருந்த சீட்டை இரண்டாகக் கிழித்துத் தரையில் போட்டார். இனி எல்லாம் செல்லில் இருக்கும். பஸ் நிலையத்துக்கு நடந்தபோது இடுப்பில் கனமே இல்லை.

---

நிலவொளி

நல்ல கதை. காலியான பையில் கை போகும் இடத்தில் நான் நின்றுவிட்டேன். என் அப்பாவுக்கும் அதே பட்டாபட்டிப் பைதான். பணத்தை நான்காக மடித்து, மேலே ஊக்கு குத்தியிருப்பார்.

ஆனால் ஒரு கேள்வி மனதை அரிக்கிறது. முப்பத்திரண்டு பெட்டி தக்காளியை அவர் ஒருவரே பறித்திருக்க முடியாது. முந்தைய நாள் நான்கு பெண்களாவது பறித்திருப்பார்கள். அவர்கள் கூலியை மறுநாள் மாலை, மண்டிக்குப் போனவர் திரும்பி வந்ததும், வாசலில் வந்து வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். ஆளுக்கு 300 என்றாலும் 1,200 ரூபாய் கையில் இருந்தாக வேண்டும். பணம் திருப்பூரில் இருக்கிறது, கூலிக்காரர்கள் கள்ளிமந்தயத்தில் இருக்கிறார்கள். இடுப்பில் கனமில்லாமல் நடக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அந்த இடத்தில்தான் பயம் வந்தது.

மண்டிக்கணக்கு

ஒன்பது ஆண்டுகள் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவன் நான். சீட்டில் உள்ள கழிவுகளை ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். வேன் வாடகையை மண்டியே ஓட்டுநருக்குக் கொடுத்துவிட்டுச் சீட்டில் கழிப்பதும் நடைமுறைதான். பெட்டிக்குப் பதினான்கு கிலோ என்று வைத்தால் கிலோ 15 ரூபாய் விழுகிறது, நம்பும்படியான விலை.

இரண்டு இடங்களில் கதை தடுக்கி விழுகிறது. முதலாவது அந்தப் பெயர். பையன் அழுத்தியது மகனின் எண். ஒரு செல் எண்ணுக்கு யுபிஐ மூலம் பணம் அனுப்பினால், அந்த எண்ணில் பதிவு செய்திருப்பவர் பணம் வாங்குவதற்கென்று எந்தக் கணக்கை முதன்மையாக வைத்திருக்கிறாரோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். திரையில் வருவதும் அந்தக் கணக்குக்காரரின் பெயர்தான். அப்படியானால் பையன் பார்த்தது SARAVANAN K என்றிருக்க வேண்டும். கந்தசாமி என்று வர ஒரே வழிதான் உண்டு: அப்பாவின் வங்கிக் கணக்கில் மகனின் செல் எண் பதிவாகியிருந்து, மகன் தன் செல்லில் அந்தக் கணக்கைச் சேர்த்து, அதையே பணம் வாங்கும் கணக்காகவும் வைத்திருக்க வேண்டும். வேலைக்குப் போகும் பிள்ளை தன் சம்பளக் கணக்கை விட்டுவிட்டு அப்படி வைத்திருப்பது அரிது.

நான் எழுதிய மேசையில் இது வாரத்துக்கு ஒரு முறையாவது நடந்தது. பெரியவர் ஒரு எண்ணைச் சொல்வார், திரையில் வேறு பெயர் வரும். பெயரைச் சத்தமாகப் படித்துக் காட்டி, “இது யார்?” என்று கேட்காமல் நான் அனுப்பியதில்லை. பெரும்பாலும் மகன் அல்லது மருமகன் என்று பதில் வரும். ஒருமுறை மட்டும், “அப்படி யாரையும் எனக்குத் தெரியாது” என்றார் ஒருவர். கடைசி இரண்டு எண்களை மாற்றிச் சொல்லியிருந்தார்.

இரண்டாவது, சீட்டைக் கிழிப்பது. எந்த விவசாயியும் மண்டிச் சீட்டைக் கிழிக்க மாட்டார். அதைப் பற்றி இரவு விரிவாக எழுதுகிறேன். இப்போது பஸ்ஸில் இருக்கிறேன்.

தென்னந்தோப்பு

எனக்கு உடுமலைப்பேட்டை பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. தேங்காய் வாங்குபவர் பாதிப் பணத்தை மூன்று மாதம் கழித்துத்தான் தருகிறார். இப்படிச் செல்லில் உடனே அனுப்பும் மண்டி எது என்று சொன்னால் உதவியாக இருக்கும். கதையில் மண்டியின் பெயர் இல்லையே?

வெள்ளாமை

தென்னந்தோப்பு ஐயா, இது கற்பனைக் கதை. அப்படி ஒரு குறிப்பிட்ட மண்டியை நான் மனதில் வைக்கவில்லை. உங்கள் பாக்கி சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

நிலவொளி, பறிப்புக் கூலி எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது, சித்தப்பா வீட்டு வாசலில் அந்தக் கூட்டத்தை நானே பார்த்திருக்கிறேன்.

பவானிக்கரை

ரொக்கம் கொடுக்காததற்குக் கதையில் சொன்ன காரணம் போதாது. உண்மையான காரணம் வருமான வரி. ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வியாபாரி அதைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. அதனால்தான் மண்டிகள் எல்லாம் கணக்குக்கு மாறுகின்றன. விவசாயியும் பயப்படுவார்: கணக்கில் பணம் வந்தால் அவருக்கும் வரி வரும். இந்தப் பயத்தைக் கதையில் வைத்தால் ஆழம் கூடும்.

மண்டிக்கணக்கு

பவானிக்கரை, 10,000 ரூபாய் வரம்பு உண்மைதான். ஆனால் விளைபொருளுக்காக விளைவித்தவரிடமே கொடுக்கும் பணத்துக்கு வருமான வரி விதி 6டிடி விலக்கு அளித்திருந்தது. தவிரவும் கதையில் தொகை 4,088 தான். வரம்பு அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. கணக்கில் வந்தாலும் கையில் வந்தாலும் அதேதான். பயம் இருப்பது மட்டும் நிஜம். என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். பாத்திரத்தின் பயமாக வையுங்கள், கதைசொல்லியின் கூற்றாக வைக்காதீர்கள்.

பையன் சொன்ன காரணமே எனக்குப் போதுமானதாகப் படுகிறது. வெளியூர்ப் பணம் கணக்கில் வருகிறது. அதை நோட்டாக மாற்ற ஒருவர் வங்கிக்குப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். சந்தை உச்சத்தில் இருக்கும்போது அந்த ஆள் மேசையில் இல்லை என்றால் நூறு பேர் காத்திருப்பார்கள்.

இப்போது சீட்டு. செல்லில் வரும் செய்தி சொல்வது ஒரே ஒரு எண்: 4,088. பெட்டி எத்தனை, என்ன விலை, கமிஷன் எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பது எதுவும் அதில் இல்லை. கந்தசாமிக்கு முன்பணப் பாக்கி இருக்கிறது. இன்று 1,000 கழித்தார்கள் என்பதற்கு அவரிடம் உள்ள ஒரே சாட்சி அந்தக் கார்பன் சீட்டு. பொங்கலுக்கு முன் கணக்குப் பார்க்கும்போது மண்டி நோட்டில் 800 என்று எழுதியிருந்தால் அவர் எதைக் காட்டுவார்? சீட்டுகளைக் கம்பியில் குத்தி வீட்டு உத்திரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். பணம் வந்த வழி மாறியதால் சீட்டின் வேலை குறையவில்லை. நியாயமாகப் பார்த்தால் கூடியிருக்கிறது. நோட்டை எண்ணும்போது இருவரும் சேர்ந்து ஒவ்வொரு கழிவையும் வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இருந்தது. இப்போது விரல் நான்கு முறை பட்டதும் முடிந்துவிடுகிறது.

நிலவொளி

அந்தக் கம்பி! எங்கள் வீட்டில் சைக்கிள் சக்கரக் கம்பியை வளைத்துச் செய்தது. அடியில் இருக்கும் சீட்டுகளை எலி கடித்திருக்கும். அப்போதும் அப்பா தூக்கிப் போட விடமாட்டார்.

ஆற்றுமணல்

கதைக்கு இது பயன்படுமா தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் மாமனாரும் காய்கறிதான், கத்தரியும் வெண்டையும். அவருக்கு முகாமில் உட்கார வைத்து ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தார்கள். முழு ஆவணம் வாங்காமல் தொடங்கும் சிறு கணக்கு. பாஸ்புக் ஒன்றுபோலவே இருப்பதால் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மண்டியில் கணக்குக்குப் போடத் தொடங்கினார்கள். சில மாதங்கள் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள் பணம் போய்த் திரும்பி வந்தது என்றார்கள். வங்கியில் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது: அந்த வகைக் கணக்கில் ஆண்டுக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மாதத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது. ஆதாரும் மற்ற ஆவணங்களும் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிய பிறகு சரியானது. அந்த இரண்டு வாரமும் மாமனார் மண்டிக்காரர் மீதுதான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் பாவம், திரும்பி வந்த பணத்தை அப்படியே ரொக்கமாகக் கொடுத்தார்.

இன்னொன்று. முதல் டிஜிட்டல் பணம் என்கிறீர்கள். மத்திய அரசின் பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் கந்தசாமிக்குக் கணக்கில் வந்திருக்குமே? அது முதல் ஆகாதா?

வெள்ளாமை

ஆற்றுமணல், நீங்கள் கேட்டது என்னை ஒரு நாள் முழுவதும் யோசிக்க வைத்தது. தவணைப் பணம் வரும்போது அவர் காட்டில் இருப்பார். யார் அனுப்பினார்கள், எந்த நிமிடம் வந்தது என்பது தெரியாது. என்றைக்கோ பாஸ்புக்கைப் பதிய வைக்கும்போது வரியாகத் தெரியும். மண்டியில் கொடுப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், இவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். தன் விளைச்சலுக்கு இப்படி வருவது முதல் முறை. கதை அந்த முறையைப் பற்றியது. ஆனால் அவரிடம் ஏற்கெனவே ஒரு கணக்கும் பாஸ்புக்கும் இருக்கின்றன என்பதை நான் மறந்தே போனேன். அவர் ஏன் மகனின் எண்ணைச் சொல்ல வேண்டும்?

மண்டிக்கணக்கு அண்ணா, பொத்தான் செல் வைத்திருப்பவருக்கு, யுபிஐயில் பதிவு செய்யாதவருக்கு, அவருடைய கணக்குக்கே அனுப்ப முடியுமா?

மண்டிக்கணக்கு

தாராளமாக. கணக்கு எண்ணும் வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடும் போதும். இரண்டும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும். நாங்கள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வோம். கணக்கில் அவருடைய பொத்தான் செல் எண் பதிவாகியிருந்தால் வங்கியின் குறுஞ்செய்தி அதற்கே வந்துவிடும்; அதற்குப் பெரிய செல் வேண்டாம்.

இதில் ஆபத்து வேறு வகை. நான் மேசையில் இருந்த காலத்தில், அப்படி அனுப்பும்போது பெயரை நாங்களே தட்டுவோம். வங்கி அந்தப் பெயரைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். ஓர் இலக்கம் தவறி அது வேறொருவரின் கணக்காக அமைந்துவிட்டால் பணம் அங்கே போய்விடும். திரும்ப வாங்குவது பெரும்பாடு. அதனால் புதிய கணக்கு என்றால் நான் முதலில் ஒரு ரூபாய் மட்டும் அனுப்புவேன். எதிரே நிற்பவரின் செல்லில் செய்தி வந்த பிறகுதான் மீதி. செய்தி சில நேரம் உடனே வரும், சில நேரம் அரை மணி நேரம் ஆகும். அதுவரை அவர் டீ குடித்துவிட்டு வருவார்.

பறிப்புக் கூலிக்கும் வழி இருந்தது. பெரும்பாலானவர்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள்: கூலிக்கும் பஸ்ஸுக்கும் வேண்டியது கையில், மீதி கணக்கில். ரொக்கமே இல்லை என்று எந்த மண்டியும் சொல்லிவிட முடியாது. சொன்னால் அடுத்த வாரம் அந்த வேன் வேறு மண்டி வாசலில் நிற்கும்.

வெள்ளாமை

பின்பாதியைத் திருத்தி எழுதினேன். படித்துப் பாருங்கள்.

---

கந்தசாமி மகனின் எண்ணைச் சொன்னார். பையன் அழுத்தினான். திரையைப் பார்த்தவன் நிமிர்ந்தான்.

“சரவணன் என்று வருகிறது, அண்ணே. யார் அது?”

“என் மகன்.”

“அனுப்பிவிடட்டுமா?”

கந்தசாமி பதில் சொல்லவில்லை. லாரியின் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கயிறு இறுகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மஞ்சள் பைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட பாஸ்புக்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இதற்கே அனுப்பு தம்பி. 1,500 மட்டும் கையில் கொடு, பறித்தவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.”

பையன் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித் தட்டினான். “முதலில் ஒரு ரூபாய் போடுகிறேன். வருகிறதா பாருங்கள்.”

டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து செல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். டீயில் ஆடை படர்ந்தது. செல் ஒருமுறை அதிர்ந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே தனக்குத் தெரிந்த ஒன்றைத் தேடினார். 1.00 என்று இருந்தது. எழுந்து மேசைக்குப் போய், திரையைப் பையன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து, கூலி கொடுத்து முடித்த பிறகு, சீட்டை உத்திரத்துக் கம்பியில் குத்தினார்.

---

நிலவொளி

அந்த ஒரு ரூபாய் என்னை அழ வைத்தது. ஆனால் மகனின் பெயர் வந்ததும் அவர் பேசாமல் நிற்பது எனக்கு வலிக்கிறது. திருப்பூரில் கஷ்டப்படும் பிள்ளையை அப்பா நம்பவில்லை என்று படிப்பவர்கள் நினைப்பார்கள். முதல் வடிவத்தில் தொலைபேசியில் இருவரும் பேசும் இடம் எவ்வளவு அழகாக இருந்தது! அதை எடுத்திருக்க வேண்டாம்.

ஆற்றுமணல்

நான் அப்படிப் படிக்கவில்லை. மகனை நம்புவது வேறு, தன் பணம் தன் பாஸ்புக்கில் வர வேண்டும் என்பது வேறு. என் மாமனார் எங்கள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் தக்காளிப் பணத்துக்கு என் கணவரிடம் கேட்டு நிற்கும் நிலை வந்தால் அவருக்கு அன்று சோறு இறங்காது.

பவானிக்கரை

திருத்திய வடிவமே நன்று. வரிப் பயம் வேண்டாம் என்று விட்டதும் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலவொளி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த மௌனத்துக்குப் பிறகு மகனைப் பற்றி ஒரு வரியாவது வேண்டும்.

மண்டிக்கணக்கு

மௌனம் அப்படியே இருக்கட்டும். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்; அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்டதில்லை.

ஒரு சின்னத் திருத்தம். 4,088இல் 1,500 கையில் போனால் மீதி 2,588. ஒரு ரூபாய் முன்பே போய்விட்டது. ஆகவே இரண்டாவது செய்தியில் 2,587.00 என்று வரும். அதையும் எழுதுங்கள்.

நிலவொளி

ஐயோ, அந்த ஒரு ரூபாயைக் கூடவா கழிப்பார்கள்? அந்தப் பையனை நல்லவன் என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேனே.

மண்டிக்கணக்கு

நல்லவன்தான் அம்மா. ஆனால் கழிக்காவிட்டால் இரவு கணக்கை முடிக்கும்போது ஒரு ரூபாய் உதைக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் அவனால் வீட்டுக்குப் போக முடியாது. கந்தசாமியும் 2,587ஐப் பார்த்ததும் முதலில் வந்த ஒன்றை மனதில் கூட்டிப் பார்த்திருப்பார்.